படியளக்கும் ஏடு: கிலாஃபத்தின் முதல் இருநூறு ஆண்டுகள்

கேள்வி: நபிகள் நாயகத்துக்குப் பிறகு முதல் இருநூறு வருஷம் கிலாஃபத்தில் நிர்வாகம் எப்படி நடந்தது? அடுத்த கலீஃபா யார் என்ற சண்டைகள் நிர்வாகத்தை உண்மையிலேயே மாற்றினவா, இல்லை மேலே இருக்கும் ஆள் மட்டும்தான் மாறினாரா?

ஒவ்வொரு சண்டையும் நிர்வாகத்தின் அடிவயிற்றைத் தொட்டது. அதைப் புரிந்துகொள்ள நான் ஒரே ஒரு பொருளைத்தான் பிடித்துக்கொள்ளச் சொல்வேன்: திவான். திருவிதாங்கூர் திவான், புதுக்கோட்டை திவான் என்று நமக்குப் பதவிப் பெயராகப் பழகிய சொல் இது. பாரசீகத்திலிருந்து அரபிக்குப் போன இந்தச் சொல்லுக்கு ஆரம்பத்தில் பதிவேடு என்றுதான் பொருள். யார் யாருக்கு அரசு ஆண்டுதோறும் எவ்வளவு படியளக்க வேண்டும் என்று எழுதி வைத்த ஏடு அது. அந்த ஆண்டுப்படிக்கு 'அதா' என்று பெயர். யார் கலீஃபா என்பது, அந்த ஏட்டில் பெயர்களை எழுதும் கை யாருடையது என்ற கேள்வியாகவும் இருந்தது.

பணமும் தலைமையும் பிரிக்க முடியாதவை என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது. 632இல் நபிகள் மறைந்ததும் மதீனாவில் பனூ சாயிதா குலத்தாரின் கூடத்தில் கூடி அபூபக்கரை முதல் கலீஃபாவாகத் தேர்ந்தார்கள். உடனே பல குலங்கள், தொழுகையை விடமாட்டோம், ஆனால் ஜகாத் வரியை மதீனாவுக்கு அனுப்பமாட்டோம் என்றன. நபிக்குக் கொடுத்ததை அவருக்குப் பின் வருகிறவருக்கும் கொடுக்க வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. கொடுத்தே ஆக வேண்டும் என்று அபூபக்கர் போர் தொடுத்தார். வசூலிக்கும் உரிமை ஆட்சியோடு சேர்ந்தே கைமாறும் என்பது அங்கேதான் நிலைபெற்றது.

அடுத்த கலீஃபா உமர் காலத்தில் (634–644) சிரியா, இராக், எகிப்து எல்லாம் கைக்கு வந்தன. இராக்கின் செழிப்பான வண்டல் நிலத்தை அரபிகள் சவாத் என்றார்கள். அதைத் தங்களுக்குப் பங்கு வைக்கச் சொல்லிப் படைவீரர்கள் கேட்டார்கள். உமர் மறுத்தார். உழுகிறவன் உழட்டும், வரி பொதுப் பணமாக வரட்டும், வீரனுக்கு அந்தப் பணத்திலிருந்து ஆண்டுப்படி போகட்டும் என்றார். வரி வசூலைப் பழைய பாரசீக ஊர்ப் பெரியவர்களே பார்த்தார்கள், கணக்கும் பாரசீக மொழியிலேயே இருந்தது. அரபு வீரர்கள் இராக்கில் கூஃபா, பஸ்ரா, எகிப்தில் ஃபுஸ்தாத் போன்ற புதிய படை ஊர்களில் தங்கினார்கள். நிலத்துக்கும் அவர்களுக்கும் இடையில் இருந்த ஒரே தொடர்பு இந்த ஏடு.

முதல் ஏடு எழுதப்பட்ட விதம் பற்றி ஒரு செய்தி உண்டு. குலவரிசை தெரிந்த மூன்று குறைஷியரிடம், அதாவது நபி பிறந்த மக்கா இனத்தாரிடம், உமர் அந்த வேலையைக் கொடுத்தார். அவர்கள் முதலில் நபியின் குலமான பனூ ஹாஷிமை எழுதி, அடுத்து அபூபக்கரின் குலத்தையும், மூன்றாவதாக உமரின் குலத்தையும் எழுதிக் கொண்டுவந்தார்கள். ஆட்சிக்கு வந்த வரிசை அது. உமர் அதைத் திருப்பிக் கொடுத்தார். நபிக்கு யார் எவ்வளவு நெருங்கிய உறவோ அந்த வரிசையில் எழுதுங்கள், உமரை அல்லாஹ் வைத்த இடத்தில் வையுங்கள் என்றார். ஆட்சியில் இருப்பவரின் குலம் ஏட்டில் மேலேறக் கூடாது என்று அவர் அன்று போட்ட கோட்டைப் பின்னால் வந்தவர்கள் எப்படித் தாண்டினார்கள் என்பதுதான் மீதிக் கதை.

தொகையை நிர்ணயித்தது, இஸ்லாத்துக்கு எப்போது வந்தார், எந்தப் போரில் நின்றார் என்பது. நபி காலத்துப் பத்ர் போரில் நின்றவருக்கு ஆண்டுக்கு 5000 திர்ஹம் வெள்ளிக்காசு, இராக்கையும் சிரியாவையும் பெற்றுத்தந்த காதிஸிய்யா, யர்மூக் போர்களில் நின்றவருக்கு 2000 அளவில், பின்னால் வந்து சேர்ந்தவர்களுக்கு 200, 300 வரை இறங்கும். (நூலுக்கு நூல் எண்கள் கொஞ்சம் மாறும். இந்நூல்கள் எல்லாம் நூறு, இருநூறு ஆண்டு கழித்து எழுதப்பட்டவை என்பதை மனத்தில் வைத்தே படிக்க வேண்டும். படிக்கட்டு இருந்தது என்பதில் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள்.)

கூஃபாவில் இதைப் பட்டுவாடா செய்ய 'இராஃபா' என்ற பிரிவு இருந்தது. ஒரு பிரிவின் மொத்தப் படி 1,00,000 திர்ஹம் ஆகும்படி ஆட்களைச் சேர்த்தார்கள். ஆகவே பெரிய தொகை வாங்கும் மூத்தவர்களின் பிரிவில் ஆள் குறைவு, பின்னால் வந்தவர்களின் பிரிவில் கூட்டம் அதிகம். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு 'அரீஃப்'. பிறப்பு, இறப்பு, வந்தவர், போனவர் எல்லாம் அவருக்குத் தெரியும். பணம் குலத் தலைவர் கையிலிருந்து அவர் கைக்கு வந்து வீடுகளுக்குப் போகும். நம் ஊர் கிராம கர்ணமும் ரேஷன் கடைக்காரரும் ஒரே ஆளாக இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அமைப்பில் ஒரு விரிசல் ஆரம்பத்திலேயே இருந்தது. ஏட்டில் மேலே இருப்பவர்களின் இடம் என்றோ நடந்த போரால் முடிவாகிவிட்டது. ஆண்டுதோறும் புதிதாக வந்து எல்லையில் உயிரைக் கொடுப்பவர்கள் கீழேயே நிற்க வேண்டும். படைகளுக்குக் கொடுத்தது போக மிச்சம் மதீனாவுக்குப் போகும். அந்த மிச்சம் யாருடையது என்பதுதான் உஸ்மான் காலத்தில் வெடித்தது.

உமர் தமக்குப் பின் ஆறு பேர் கூடி முடிவு செய்யட்டும் என்று விட்டுச்சென்றார். அவர்கள் 644இல் உஸ்மானைத் தேர்ந்தார்கள். அவர் தம் உறவினர்களை ஆளுநர்களாக்கினார். கூஃபாவின் ஆளுநரான ஸயீத் இப்னுல் ஆஸ், சவாத் குறைஷியரின் தோட்டம் என்று ஒரு சபையில் சொன்னதாகச் செய்தி. எங்கள் வாளால் கிடைத்த நிலம் உங்கள் தோட்டமா என்று கூஃபா வீரர் மாலிக் அல்அஷ்தர் எழுந்தார். 655இல் மதீனா போய்விட்டுத் திரும்பிய ஸயீதைக் கூஃபாக்காரர்கள் ஊருக்குள்ளேயே விடவில்லை. தங்களுக்கு வேண்டிய அபூமூஸா அல்அஷ்அரியை ஆளுநராகக் கேட்டு வாங்கினார்கள். எகிப்திலும் இதே மனக்கசப்பு. அந்நாட்டை வென்று ஆண்ட அம்ரு இப்னுல் ஆஸை மாற்றிவிட்டுப் புது ஆளுநரைப் போட்டதும் வரிப்பணம் கூடியது. நீங்கள் போன பிறகு ஒட்டகம் அதிகம் கறக்கிறதே என்றாராம் உஸ்மான். ஆமாம், குட்டிகள் பட்டினி கிடக்கின்றன என்றாராம் அம்ரு. 656இல் எகிப்திலிருந்தும் இராக்கிலிருந்தும் வந்தவர்கள் உஸ்மானின் வீட்டை முற்றுகையிட்டுக் கொன்றார்கள்.

அடுத்து வந்த, நபியின் மருமகன் அலீ கருவூலப் பணத்தை எல்லாருக்கும் சமமாகப் பங்கிட்டார். கீழ்த்தட்டு வீரர்களுக்கு அது நிம்மதி, படிக்கட்டின் மேலே நின்றவர்களுக்கு நஷ்டம். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகச் சிரியாவை ஆண்டு, கட்டுக்கோப்பான படையை வைத்திருந்த முஆவியா, உஸ்மானின் இரத்தத்துக்கு நியாயம் கேட்டு எதிரே நின்றார். அவர் அம்ருவைத் தம் பக்கம் இழுக்கக் கொடுத்த விலையைக் கவனியுங்கள். எகிப்தை வென்றால் அதன் வரியில் படைச் செலவு போக மிச்சம் முழுவதும் அம்ருவின் ஆயுள்வரை அம்ருவுக்கே. அரியணைக்கான ஒரு பேரம் ஒரு மாகாணத்தின் வருமானத்தையே மத்தியக் கருவூலத்திலிருந்து பெயர்த்தெடுத்தது. இனி வரும் ஒவ்வொரு சண்டையிலும் இதே முறை திரும்பத் திரும்ப வரும்.

661இல் முஆவியா வென்றதும் தலைநகர் டமாஸ்கஸுக்குப் போனது. கூஃபாவில் அவருடைய ஆளுநர் ஸியாத், ஏழு குலப் பிரிவுகளாக இருந்த ஊரை நான்காக மாற்றியமைத்தார். வெவ்வேறு குலங்களை ஒரே பிரிவில் கலந்து, தலைவரை ஆளுநரே நியமித்தார். ஏடு அதே ஏடுதான், ஆனால் குலங்களின் கையிலிருந்து அரசின் கைக்கு வந்துவிட்டது.

அதன் விளைவை 680இல் பார்க்கலாம். முஆவியா தம் மகன் யஸீதை வாரிசாக்கியதை ஏற்காத, அலீயின் மகன் ஹுஸைனுக்குக் கூஃபாக்காரர்கள் வரும்படி எழுதினார்கள். அவர் தம் ஒன்றுவிட்ட சகோதரர் முஸ்லிம் இப்னு அகீலை முன்னால் அனுப்பினார். ஆயிரக்கணக்கானவர்கள் உறுதிமொழி கொடுத்தார்கள். அப்போது பஸ்ராவிலிருந்து வந்து பொறுப்பேற்ற ஸியாதின் மகன் உபைதுல்லாஹ் முதலில் கூப்பிட்டது படைத் தளபதிகளை அல்ல, அரீஃப்களை. உங்கள் பிரிவில் இருக்கும் வெளியூர்க்காரர்கள், சந்தேகத்துக்குரியவர்கள் பெயரை எல்லாம் எழுதிக் கொடுங்கள். எழுதாதவர் தம் ஆட்களுக்குப் பொறுப்பு. தேடப்படும் ஆள் யாராவது ஒரு பிரிவில் அகப்பட்டால் அந்த அரீஃப் தம் வீட்டு வாசலிலேயே சிலுவையில் அறையப்படுவார், அந்தப் பிரிவு முழுவதற்கும் படி நிறுத்தப்படும் என்றார். சில நாள்களில் முஸ்லிம் இப்னு அகீல் தெருவில் தனியாக நின்றார். கூஃபாக்காரர்களைக் கோழைகள், துரோகிகள் என்று பேசுகிறவர்கள் இந்தக் கட்டளையையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. பணம் கொடுக்க அமைத்த ஏடு, ஆளைப் பிடிக்கும் ஏடாக மாறிய நாள் அது. ஹுஸைன் கொல்லப்பட்ட கர்பலாவுக்கான வழி அங்கிருந்துதான் திறந்தது.

யஸீத் 683இல் இறந்ததும் மக்காவில் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் கலீஃபாவானார். பெரும்பாலான மாகாணங்கள் அவரை ஏற்றன. டமாஸ்கஸில் முஆவியாவின் உமையாக் குலத்தைச் சேர்ந்த மர்வானும், 685இலிருந்து அவர் மகன் அப்துல் மலிக்கும். ஏறத்தாழ ஒன்பது ஆண்டு இரண்டு கலீஃபாக்கள். இந்தப் போட்டியில்தான் அரசின் முகமே உருவானது. அதுவரை பழைய பாரசீக அச்சிலேயே, மன்னன் தலையும் அக்கினி மேடையுமாகத் திர்ஹம் அடித்துக்கொண்டிருந்தார்கள். 685–686இல் இப்னு ஸுபைரின் ஆளுநர் ஒருவர் ஈரானின் பீஷாபூரில் அடித்த காசில்தான் 'முஹம்மத் அல்லாஹ்வின் தூதர்' என்ற வாசகத்தைக் காண்கிறோம். நபியின் பெயரை நாணயத்தில் ஏற்றியது தோற்ற பக்கம். 692இல் இப்னு ஸுபைர் மக்காவில் கொல்லப்பட்ட பிறகு வென்றவர் அந்த யோசனையைத் தமதாக்கிக்கொண்டார். 696–697இல் அப்துல் மலிக் வெளியிட்ட பொற்காசான தீனாரில் உருவமே கிடையாது, முழுவதும் எழுத்துத்தான். அவருடைய பெயர்கூட அதில் இல்லை. எடை சுமார் 4.25 கிராம்.

அதே காலத்தில் வரிக் கணக்கும் அரபிக்கு மாறியது. இராக்கில் ஸாலிஹ் இப்னு அப்துர் ரஹ்மான் என்ற எழுத்தர் அதைச் செய்தார். தலைமுறையாகப் பாரசீகக் கணக்கு எழுதிய குடும்பத்து மகன் அவரிடம் வந்து, பத்தில் ஒன்று, இருபதில் ஒன்று போன்ற பின்னங்களுக்கு அரபியில் என்ன செய்வீர் என்று கேட்டாராம். உஷ்ர், அரை உஷ்ர் என்று எழுதுவேன் என்றார் ஸாலிஹ். முடியவில்லை என்று சொல்லிவிடும், 1,00,000 திர்ஹம் தருகிறோம் என்று கேட்டும் அவர் மசியவில்லை. ஆனால் இதை ஒரே நாளில் நடந்த மாற்றமாக நினைக்கக் கூடாது. எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகளில், ஆளுநர் குர்ரா இப்னு ஷரீக் 709க்குப் பிறகு ஒரு சிற்றூர் அதிகாரிக்கு அனுப்பிய உத்தரவுகள் அரபியிலும் கிரேக்கத்திலும் இருக்கின்றன. உத்தரவு எட்டிய இடத்தில் பழைய மொழி பல பத்தாண்டுகள் உயிரோடுதான் இருந்தது.

இனி கூஃபாவின் முடிவு. 700இல் இராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜ் கிழக்கு எல்லைக்கு அனுப்பிய படை, தளபதி இப்னுல் அஷ்அஸ் தலைமையில் திரும்பி நின்று கலீஃபாவையே நிராகரித்தது. அப்துல் மலிக் சமரசத்துக்கு ஆள் அனுப்பினார். ஹஜ்ஜாஜை நீக்குகிறேன், சிரியர்களுக்குக் கொடுக்கும் அதே படியை உங்களுக்கும் தருகிறேன் என்றார். பேரம் எதைச் சுற்றி நடந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. இப்னுல் அஷ்அஸுக்கு ஏற்க விருப்பம், கூட்டம் ஏற்கவில்லை. தைருல் ஜமாஜிம் என்ற இடத்தில் தோற்றார்கள். அந்தக் குழப்பத்தில் திவான் எரிக்கப்பட்டது. பாரசீக அரச குடும்பமும் ஓடிப்போனவர்களும் விட்டுச்சென்ற அரசு நிலங்கள் எவையெவை என்ற பதிவும் அதோடு போயிற்று. அவரவர் பக்கத்தில் இருந்த அரசு நிலத்தை அவரவர் வளைத்துக்கொண்டார்கள் என்று பின்னாளைய வரி நூல்கள் சொல்கின்றன. ஹஜ்ஜாஜ் கூஃபாவுக்கும் பஸ்ராவுக்கும் நடுவே வாசித் நகரைக் கட்டிச் சிரியப் படையைக் குடியேற்றினார். இராக்கின் வரி இனி சிரிய வீரனின் படி.

அந்தச் சிரியர்களே 744இல் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். கலீஃபா இரண்டாம் வலீதைக் கொன்று பதவிக்கு வந்த மூன்றாம் யஸீதின் முதல் உரையைப் படித்தால் மக்களின் மனக்குறைப் பட்டியலே அதில் இருக்கும். கல்லின் மேல் கல் வைக்கமாட்டேன், கால்வாய் வெட்டமாட்டேன், ஓர் ஊரின் பணத்தை அந்த ஊரின் தேவை தீருமுன் வேறு ஊருக்குக் கொண்டுபோகமாட்டேன், ஆண்டுதோறும் படியும் மாதந்தோறும் தானியமும் தவறாது என்றார். ஆனால் கருவூலம் இடங்கொடுக்கவில்லை. முன்னவர் உயர்த்திய படியை அவர் குறைக்க நேர்ந்தது. 'குறைத்தவர்' என்ற பட்டப்பெயரோடு சில மாதங்களில் இறந்தார்.

அதற்குள் கிழக்கே குராசானின் மர்வ் பக்கத்தில் வேறொரு ஏடு திறந்திருந்தது. 747இல் நபியின் சிற்றப்பா அப்பாஸின் வழிவந்த அப்பாஸியர்களுக்காக ஆள் திரட்டிய அபூமுஸ்லிம், தம் வீரர்களைப் பெயர், தகப்பன் பெயர், ஊர் பெயர் என்று எழுதச் சொன்னார். ஏழாயிரம் பேர் சேர்ந்தார்கள். ஆளுக்கு 3 திர்ஹம், பிறகு 4. பார்க்க அற்பத் தொகை. ஆனால் அந்த ஏட்டில் குலம் என்ற பத்தியே கிடையாது. அரபு வம்சம் இல்லாத குராசான் விவசாயி, அரபியின் பக்கத்தில் தன் ஊர்ப் பெயரோடு சமமாக நின்றான். மூன்று ஆண்டில் உமையாக்களின் அரசு விழுந்தது. உமர் காலத்திலிருந்து வந்த குலவரிசை ஏட்டின் முதுகெலும்பை முறித்தது எது என்று கேட்டால் போர்க்களத்தைக் காட்டிலும் இந்தப் பத்தி இல்லாததைத்தான் நான் காட்டுவேன்.

அப்பாஸியர்கள் பாக்தாதைக் கட்டினார்கள் (762), அமைச்சர்கள், தனித்தனித் திவான்கள், ஒற்றும் அஞ்சலும் சேர்ந்த பரீத் எல்லாம் பெருகின. ஆனால் வாரிசுச் சிக்கலை அவர்களாலும் தீர்க்க முடியவில்லை. கலீஃபா ஹாரூன் அர்ரஷீத் அதை எழுத்தால் தீர்க்கப் பார்த்தார். 802இல் மக்காவில் மகன்களிடம் உறுதிமொழி எழுதி வாங்கிக் கஅபாவில் வைத்தார். அமீன் கலீஃபா, மஃமூன் அடுத்த வாரிசு. மஃமூனுக்கு ஹமதானுக்குக் கிழக்கே குராசான் முழுவதும். அதன் படை, வரி, கருவூலம், பரீத் எல்லாம் அவருடையவை. கலீஃபா அங்கே தணிக்கை செய்யக்கூட ஆள் அனுப்பக் கூடாது. மஃமூனைக் காக்க எழுதிய இந்த ஆவணம், ஒரே அரசுக்குள் இரண்டு அரசுகளை முத்திரை வைத்து உண்டாக்கிவிட்டது.

809இல் ஹாரூன் தூஸில் இறந்ததும் மஃமூனுக்கென்று சொல்லப்பட்ட படையும் பொருளும் பாக்தாதுக்குத் திரும்பின. அடுத்த ஆண்டு அமீன் கேட்டவை எல்லாம் நிர்வாக விஷயங்கள்: சில மாவட்டங்களை விட்டுக்கொடு, என் பரீத் அதிகாரி ஒருவர் அங்கே இருக்கட்டும். மஃமூன் மறுத்தார், ஈரானின் ரய் நகரச் சாலையில் வருவோர் போவோரைச் சோதிக்கக் காவல் வைத்தார், அஞ்சலை நிறுத்தினார், காசிலிருந்து அமீனின் பெயரை எடுத்தார், குராசானியரின் வரியில் கால் பங்கைத் தள்ளுபடி செய்தார். 811இல் அமீனின் படை ரய் அருகே தோற்றது. 813இல் முற்றுகைக்குப் பின் பாக்தாத் விழுந்து அமீன் கொல்லப்பட்டார். திவான் இரண்டாம் முறை எரிந்தது இப்போதுதான். பின்னாளில் வரிக் கணக்கு எழுத உட்கார்ந்த பாக்தாத் அதிகாரி ஒருவர், ஹிஜ்ரி 204 (819–820)இலிருந்துதான் தொடங்க முடிந்தது, அதற்கு முந்தையவை அமீன் காலக் கலகத்தில் எரிந்துவிட்டன என்று எழுதி வைத்திருக்கிறார். வென்று கொடுத்த தளபதி தாஹிருக்கு 821இல் குராசான் கிடைத்தது. அம்ருவுக்கு எகிப்து ஆயுள்வரைதான், தாஹிரின் குடும்பமோ 873 வரை குராசானை விடவில்லை.

833இல் மஃமூன் இறந்தபோது படையில் பலர் அவர் மகன் அப்பாஸைக் கேட்டார்கள். பதவிக்கு வந்தவரோ தம்பி முஃதஸிம். தம் பணத்தில் வாங்கிச் சேர்த்த துருக்கிய வீரர்களை நம்பியவர். அந்த ஆண்டே எகிப்தின் ஆளுநர் கைதருக்கு ஒரு கடிதம் வந்தது: திவானிலிருந்து அரபிகளின் பெயர்களை அடித்துவிடு, அவர்களுடைய படியை நிறுத்து. உமரின் ஏட்டிலிருந்து ஃபுஸ்தாத்தில் தலைமுறை தலைமுறையாக ஓடிவந்த பெயர்வரிசை அது. யஹ்யா அல்ஜரவி என்பவர் லக்ம், ஜுதாம் குலத்தாரோடு எழுந்தார். கலகத்துக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது, நம் உரிமையைத் தடுத்துவிட்டார்கள் என்றார். அவரோடு சேர்ந்தவர்கள் சுமார் ஐந்நூறு பேர். அடுத்த ஆண்டு அவர் பிடிபட்டார், கூட்டம் கலைந்தது, அந்தப் பெயர்கள் ஏட்டில் மறுபடி எழுதப்படவில்லை.